கனக்கும் ஷட்டர்: கோளாறு ஸ்பிரிங்கிலா, கைடிலா?

கடை ஷட்டர் கனமாகிவிட்டால் நம்மில் பெரும்பாலோர் முதலில் தேடுவது எண்ணெய்ப் பாட்டிலைத்தான். அதுவும் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு, நாலு முறை ஏற்றி இறக்கினால் அன்றைக்கு லேசாகத்தான் தெரியும். ஒரு மாதத்தில் பழையபடி கனக்கும், சில சமயம் முன்பைவிட அதிகமாகவே கனக்கும். அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அவர் வந்த வேகத்தில் ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டுப் போவார். ஷட்டர் ஏறும். ஆனால் பாதி உயரத்துக்கு மேல் கையில் நிற்காமல் பாய்ந்து போய் மேலே இடிக்கும்.

இப்படி ஆவதற்குக் காரணம், 'கனம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருப்பதுதான். ஒன்று, ஷட்டரின் எடையைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங் தாங்கவில்லை. இன்னொன்று, எடையை ஸ்பிரிங் சரியாகத் தாங்கினாலும் ஷட்டரின் ஓரங்கள் ஏறி இறங்கும் பக்கவாட்டு இரும்புக் காடியான கைடில் ஷட்டர் உரசிப் பிடிக்கிறது. முதல் கோளாறை எந்த எண்ணெயும் தீர்க்காது. இரண்டாவதை ஸ்பிரிங்கை முறுக்கித் தீர்க்க நினைத்தால் புதிய கோளாறு ஒன்று சேர்ந்துகொள்ளும். எது என்று பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு தராசு போதும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இங்கே சொல்வதெல்லாம் கையால் தூக்கி இறக்கும் சாதாரண இரும்பு ஷட்டருக்கு மட்டும். சங்கிலி போட்டுச் சுற்றும் கியர் ஷட்டருக்கும் மோட்டார் ஷட்டருக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

மேலே பெட்டிக்குள் என்ன இருக்கிறது

நம் ஊர்க் கடைகளில் இருக்கும் ஷட்டர், ஒன்றோடொன்று கோத்த தகட்டுப் பட்டைகளால் ஆனது. வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு இரும்புப் பைப். அதன் இரண்டு முனைகளையும் சுவரில் பதித்த பிராக்கெட்டில் யூ கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். இந்தப் பைப் சுழலாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சுழல்வது பைப்பின் மேல் மாட்டியிருக்கும் டிரம்தான். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதன் ஒரு முனை பைப்போடும் மறு முனை டிரம்மோடும் பிணைந்திருக்கும். ஷட்டரின் மேல் பட்டை டிரம்மில் தொங்கும்.

ஷட்டரைக் கீழே இழுக்கும்போது டிரம் சுழன்று ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. தூக்கும்போது அந்த முறுக்குதான் நம்மோடு சேர்ந்து தூக்குகிறது. எட்டடி அகலம், ஏழரை அடி உயரத்துக்கு ஒரு ஷட்டர் 70 கிலோ அளவுக்குக் கனக்கும். அதை ஒரு வயதான கடைக்காரர் தனியாளாகத் தூக்க முடிகிறதென்றால், பெரும்பங்கு எடையை ஸ்பிரிங் சுமக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. ஷட்டர் முழுக்க இறங்கியிருக்கும்போது தொங்கும் எடை மிக அதிகம், ஸ்பிரிங்கின் முறுக்கும் அப்போதுதான் மிக அதிகம். மேலே ஏற ஏறப் பட்டைகள் டிரம்மில் சுருண்டுகொள்வதால் தொங்கும் எடை குறைகிறது, முறுக்கும் கூடவே தளர்கிறது. இரண்டும் ஒரே கணக்கில் குறைந்தால் ஷட்டர் எந்த உயரத்திலும் விட்ட இடத்தில் நிற்கும். நல்ல ஷட்டருக்கு அடையாளம் அதுதான்.

எப்போதிருந்து கனக்கிறது?

தராசை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் யோசியுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்த ஷட்டர் இன்று காலை திடீரென்று கனத்தால், பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கும். உடையும்போது 'டமார்' என்று சத்தம் கேட்டிருக்கலாம். தூக்கும்போது ஒரு பக்கம் முன்னே ஏறி மறு பக்கம் பின்தங்கிச் சாய்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ஓரிடத்தில் இடைவெளி தெரியும்.

அப்படி இருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். ஷட்டர் மூடியிருந்தால் மூடியே இருக்கட்டும். திறந்திருந்தால் இரண்டு பக்கமும் அடிப்பட்டைக்கு முட்டாகக் கெட்டியான சவுக்குக் கட்டையை நிறுத்திவிட்டு, யாரும் கீழே நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பிரிங் போன ஷட்டர் கையை விட்டால் பாதி எடையோடு விழும். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று முயல்வதில்தான் விரல்கள் நசுங்குகின்றன.

மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தால் அது உரசலாகவும் இருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்ததாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மழைக்காலம் முடிந்த கையோடு கனத்தால் கைடில் துரு. ஏறும் வழியில் எப்போதும் ஒரே உயரத்தில் மட்டும் சிக்கினால், கைடு அந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது. பைக்கை வாசலில் நிறுத்தும் கடைகளில் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குள் இந்த நசுங்கல் அடிக்கடி வரும்.

இரண்டு எண்கள்

தேவைப்படுவது ஒரு ஸ்பிரிங் தராசு. பழைய பேப்பர் எடுப்பவர் கையில் வைத்திருக்கும் முள் தராசு மிகப் பொருத்தம். 50 கிலோ வரை காட்ட வேண்டும். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு பல, ஒரு எண்ணைப் பிடித்து அப்படியே நிறுத்திவிடும். நமக்கு அசையும்போதே எண் தெரிய வேண்டும் என்பதால் முள் தராசே மேல்.

ஷட்டரைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி, இரண்டு ஓரத்திலும் செங்கல்லோ மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். அடிப்பட்டையின் நடுவில் இருக்கும் கைப்பிடியில் கெட்டியான கயிறு கட்டி, தராசின் கொக்கியை அதில் மாட்டுங்கள். நடுவில் மாட்டுவது முக்கியம். ஓரத்தில் மாட்டினால் ஷட்டர் சாய்ந்து கைடில் பிடித்து, எண் பொய்யாகும். இப்போது தராசின் மேல் வளையத்தைப் பிடித்து மெதுவாக, ஒரே சீராக, ஒரு சாண் உயரம் மேலே இழுங்கள். ஷட்டர் நகர்ந்துகொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று கூட இருப்பவர் பார்க்கட்டும். இது 'ஏற்ற எண்'. பிறகு அதே தராசால் தாங்கிக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். இறங்கும்போது முள் காட்டுவது 'இறக்க எண்'. முட்டுக் கட்டைகளை எடுக்காதீர்கள், கை தவறினாலும் ஷட்டர் அவற்றின் மேல்தான் உட்காரும். 45 கிலோவைத் தாண்டியும் அசையவில்லை என்றால் இழுப்பதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உரசல் எப்போதும் நகர்வதை எதிர்க்கும். தூக்கும்போது உங்களுக்கு எதிராக நிற்கும், இறக்கும்போது உங்களுக்கு உதவியாக நிற்கும். ஆகவே ஏற்ற எண்ணில் எடையோடு உரசல் கூடியிருக்கிறது, இறக்க எண்ணில் எடையிலிருந்து உரசல் கழிந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, உரசல். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது, ஸ்பிரிங் தாங்காமல் விட்ட எடை. இதை நான் 'நடு எண்' என்று சொல்வேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், மெக்கானிக் வருவதற்கு முன்பே நோய் எது என்று தெரிந்துவிடும்.

நாகப்பட்டினத்தில் என் அத்தையின் தையல் கடையில் செய்தது இது. எட்டடி அகல ஷட்டர், இரண்டு ஸ்பிரிங். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக் காற்று. இரண்டு ஆண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே வந்து, கடைசியில் பக்கத்துக் கடைப் பையன் வந்தால்தான் திறக்க முடியும் என்ற நிலை. ஏற்ற எண் 32 கிலோ. இறக்க எண் 14 கிலோ. வித்தியாசம் 18, அதில் பாதி 9 கிலோ உரசல். இரண்டையும் கூட்டினால் 46, பாதி 23 கிலோ நடு எண்.

ஆக அந்த ஷட்டரைத் தூக்கத் தினமும் தேவைப்பட்டது 32 கிலோ. அதில் 9 கிலோ வெறும் அழுக்குக்கும் துருவுக்கும் போனது. மீதி 23 கிலோ ஸ்பிரிங் விட்ட குறை. எண்ணெய் மட்டும் போட்டிருந்தால் 23-க்குக் கீழே இறங்கியிருக்காது. ஸ்பிரிங்கை மட்டும் முறுக்கியிருந்தால் அந்த 9 கிலோவையும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். வரிசை முக்கியம்: முதலில் கைடு, பிறகு ஸ்பிரிங்.

கைடைச் சுத்தம் செய்தல்

இது நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலை. ஒரு மணி நேரம் ஆகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பட்டைகளின் ஓரம் பிளேடு போல இருக்கும். ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு, அடிப்பட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டை நிறுத்துங்கள். தானாக நிற்கிறதே என்று நம்பி விடாதீர்கள்.

கீழிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அழுக்கெல்லாம் அங்கேதான் இருக்கிறது. தினமும் வாசல் பெருக்கும் மண், தெளிக்கும் தண்ணீர், கோலப்பொடி மூன்றும் கைடின் கடைசி அரை அடியில் சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருக்கும். பழைய ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுங்கள். அத்தை கடையில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தேங்காய் ஓடு நிறைய வந்தது, அதில் இரண்டு பித்தான்களும் ஒரு ஊசியும் இருந்தன. வாசலில் பிற்பாடு டைல்ஸ் ஒட்டிய கடையாக இருந்தால், சிமெண்டு கைடுக்குள் வழிந்து இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கம்பி பிரஷ்ஷால் கைடின் உள்பக்கம் மூன்று முகங்களையும் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். துரு தடித்திருக்கும் இடத்தில் 80 நம்பர் எமரித் தாள். பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியை ஒரு குச்சியில் சுற்றி, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். பழைய எண்ணெயும் கிரீஸும் மண்ணும் குழைந்த பசை இதில்தான் கழன்று வரும். இந்த வேலையின்போது பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் வேண்டாம். கடைசியில் உலர்ந்த துணியால் ஒரு முறை.

பட்டைகளின் ஓரங்களையும் மறக்கக் கூடாது. ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் கவனித்துப் பாருங்கள். சில பட்டைகள் பக்கவாட்டில் நழுவி, ஒரு கைடில் ஆழமாகப் புகுந்து மறு கைடில் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். பட்டை நழுவாமல் இருக்க ஓரத்தில் அடித்திருக்கும் எண்ட் லாக் கழன்று விழுந்ததுதான் காரணம். நழுவிய பட்டை கைடின் உள்முகத்தைச் சுரண்டிக்கொண்டே ஏறும். பளபளவென்று தேய்ந்த கோடு கைடுக்குள் தெரிந்தால் இதுதான். ஒரு மரத்துண்டை ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பட்டை இடத்துக்கு வரும். ஆனால் எண்ட் லாக் திரும்ப அடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி நழுவும். மெக்கானிக் வரும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கைடு நசுங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, பட்டையின் தடிமனைவிடச் சற்றுப் பெரிய மரத்துண்டு ஒன்றை கைடுக்குள் வைத்து மேலிருந்து கீழே ஓட்டுங்கள். அது சிக்கும் இடம்தான் நசுங்கிய இடம். கைடின் திறந்த ஓரமான உதடு உள்ளே மடங்கியிருந்தால் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயை உதட்டில் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நெம்பலாம். ஒரே இழுப்பில் நெம்பினால் மறு பக்கம் வளைந்து, வாய் அகன்றுவிடும். வாய் அகன்ற கைடிலிருந்து பட்டை வெளியே நழுவும், அது பூட்டுக்கும் ஆபத்து. இரண்டு கைடுக்கும் நடுவில் உள்ள அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் டேப்பால் அளந்து பாருங்கள். நடுவில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் சுவரோடு சேர்ந்து கைடு தள்ளியிருக்கிறது. அதற்குச் சுவரில் உள்ள பிடிப்பைக் கழற்றி மறுபடி தூக்குக்குண்டு விட்டு நிறுத்த வேண்டும். அது நம் வேலை இல்லை.

எந்த எண்ணெய், எங்கே

கைடுக்குள் கிரீஸ் வேண்டவே வேண்டாம். கிரீஸ் நல்ல பொருள்தான், ஆனால் மூடிய இடத்துக்கு உரியது. தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் கைடில் அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு எமரித் தாள் மாதிரி ஆகிவிடும். பழைய என்ஜின் ஆயிலுக்கும் அதே கதை, போதாதற்குத் துணிக் கடையிலும் தையல் கடையிலும் சரக்கில் கறை படியும். தேங்காய் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் உறைந்து நிற்கிற அதே எண்ணெய்தான் கைடுக்குள்ளும் உறைந்து நிற்கிறது. வெயில் காலத்தில் நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியை ஒட்டிக்கொள்ளும்.

கைடுக்கு ஏற்றது காய்ந்த படலமாக நிற்கும் பொருள். ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் ஸ்பிரே கிடைக்கும். ஒவ்வொரு கைடின் உள்பக்கமும் மேலிருந்து கீழாக மெல்லிய ஒரு ஓட்டம் அடித்து, ஷட்டரை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிட்டால் போதும். சொட்டும் அளவுக்கு அடிக்கத் தேவையில்லை. ஸ்பிரே கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுவர்த்தியை கைடின் உள்முகங்களில் தேய்த்துவிடலாம். வெயில் நேராக அடிக்கும் மேற்குப் பார்த்த கடைக்கு மட்டும் இது சரிப்படாது, இரும்பு சூடாகி மெழுகு இளகும். துருவை இளக்க என்று விற்கும் ஸ்பிரேக்கள் சுத்தம் செய்ய நன்றாக உதவும், ஆனால் அவை சில நாளில் ஆவியாகிவிடும். அவற்றை அடித்துத் துடைத்த பிறகு மேலே சொன்ன ஏதாவது ஒன்றைப் போட வேண்டும்.

மேலே பைப்பின் மேல் டிரம் சுழலும் இடத்துக்கு எண்ணெய் தேவை. அங்கே தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் நாலைந்து சொட்டு. ஸ்பிரிங்கின் மேலும் லேசாகப் பூசினால் துரு ஏறாது, குறிப்பாகக் கடலோர ஊர்களில். ஆனால் மேல் மூடியைக் கழற்றுவதை மெக்கானிக் வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஸ்பிரிங்கின் ஆயுளைக் கூட்டும், இழந்த முறுக்கைத் திருப்பித் தராது. இன்னொன்று: ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கைடின் உள்பக்கம் அடிக்க வேண்டாம் என்று பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அத்தை கடையில் சுத்தமெல்லாம் முடித்துச் சிலிக்கான் அடித்த பிறகு மறுபடி தராசு மாட்டினோம். ஏற்ற எண் 26, இறக்க எண் 20. உரசல் 9-லிருந்து 3 கிலோவாக இறங்கிவிட்டது. நடு எண் அதே 23, ஒரு கிலோகூட மாறவில்லை. இனி மிச்சம் இருப்பது முழுக்க ஸ்பிரிங்கின் பாக்கி.

ஸ்பிரிங்: பார்க்கலாம், தொடக் கூடாது

முறுக்கேற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். ஷட்டர் முழுக்க மேலே இருக்கும்போதும் ஸ்பிரிங்கில் முறுக்கு மிச்சம் இருக்கும். யூ கிளாம்ப்பின் நட்டைத் தளர்த்தும் நொடியில், பைப்பை யாரும் பிடிக்காவிட்டால் அது தன் போக்கில் சுழலும். மாட்டியிருக்கும் ரிஞ்ச் ஏணியில் நிற்பவரின் முகத்தில் அடிக்கும். ஆனால் மெக்கானிக் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டால், அவரிடம் சரியான வேலையைக் கேட்டு வாங்க முடியும்.

அவர் ஷட்டரை முழுக்க ஏற்றிக் கயிற்றால் கட்டுவார். பைப்பில் நீளமான பைப் ரிஞ்ச் மாட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கிளாம்ப்பைத் தளர்த்துவார். அதனால் இது இரண்டு ஆள் வேலை. தனியாக வந்தவர் நட்டைத் தளர்த்தப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு, ஷட்டர் இறங்கும்போது டிரம் எந்தப் பக்கம் சுழலுமோ அதற்கு எதிர்ப்பக்கம் பைப்பைத் திருப்பி, கிளாம்ப்பை மறுபடி இறுக்குவார். பைப்பிலும் பிராக்கெட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். எவ்வளவு திருப்பினார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும் திருப்பி, இறக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அத்தை கடைக்கு வந்தவர் அனுபவசாலி. "ஒரு சுத்து மொத்தமா குடுத்துடலாம்மா, நாளைக்குத் தளர்ந்தாலும் தாங்கும்" என்றார். அத்தை விடவில்லை. "கால் கால் சுத்தா ஏத்துங்கண்ணே, இந்தத் தம்பி தராசு வெச்சிருக்கான்" என்றார். முதல் கால் சுற்றில் நடு எண் 23-லிருந்து 17-க்கு வந்தது. இரண்டாவதில் 11. மூன்றாவதில் 5. அங்கே நிறுத்தினோம். ஏற்ற எண் 8 கிலோ, இறக்க எண் 2 கிலோ. பாதி உயரத்தில் கையை விட்டால் ஷட்டர் அப்படியே நின்றது.

பூஜ்யம் வரை போகாதது தெரிந்தே செய்தது. தரைக்கு அருகே நாலைந்து கிலோ எடை கீழ்நோக்கி இருந்தால்தான் ஷட்டர் மூடியபடி நிலையாக உட்காரும், பூட்டும் ஓட்டையில் நேராக விழும். அதையும் முறுக்கி எடுத்தால், பூட்டைத் திறந்ததும் ஷட்டர் தானாக எழும்பும். மேலே போகும்போது வேகமெடுத்து இடிக்கும், இறக்கக் கொக்கிக் கம்பியில் தொங்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங்கும் தேவைக்கு மேல் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் உடையும்.

முறுக்கினாலும் சரியாகாத ஷட்டர்

சில ஷட்டர்களில் எவ்வளவு முறுக்கினாலும் கீழே கனக்கும், மேலே பாயும். முறுக்குவது என்பது எல்லா உயரத்திலும் ஒரே அளவு பலத்தைக் கூட்டுவது. கீழே பற்றாமலும் மேலே மிஞ்சியும் இருந்தால், ஸ்பிரிங்கின் பலமே ஷட்டரின் எடைக்குப் போதவில்லை என்று பொருள். ஷட்டரின் எடை பிற்பாடு கூடியிருக்கலாம். திருட்டுக்குப் பயந்து அடியில் ஒரு ஆங்கிள் கூடுதலாக வெல்டிங் செய்வது, துருப்பிடித்த அடிப்பட்டைகளை மாற்றும்போது தடித்த தகடு போடுவது, பெயர்ப் பலகைத் தகட்டை ஷட்டரிலேயே அடிப்பது, எல்லாம் எடைதான். எட்டடிக்கு ஒரு ஒன்றரை அங்குல ஆங்கிளே நாலைந்து கிலோவுக்குக் குறையாது. இதற்குத் தீர்வு பைப்பில் இன்னொரு ஸ்பிரிங் சேர்ப்பது அல்லது இருப்பவற்றை எடைக்கு ஏற்ற தடித்த கம்பியில் மாற்றுவது.

உடைந்த ஸ்பிரிங்கை மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாட்டி, ஒரே எண்ணிக்கை முறுக்கு வாங்கிய ஜோடி அது. ஒன்று போனால் மற்றதற்கும் வயது முடியப்போகிறது. அது மட்டும் இல்லை, புதிதும் பழையதும் சமமாக இழுக்காததால் ஷட்டர் சாய்ந்தே ஏறும், கைடும் தேயும். கொக்கி முனை உடைந்திருந்தால் அந்த முனையைச் சூடாக்கி வளைத்து மறுபடி மாட்டித் தருகிறேன் என்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் சுற்றுகள் குறைந்த ஸ்பிரிங்கில், அதே திருப்பத்துக்கு ஒவ்வொரு சுற்றும் கூடுதலாக வளைய வேண்டும். சூடாக்கிய இடத்தில் கம்பியின் பதமும் போய்விடும். அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது. வாங்கும்போது, உயர் இழுவிசைக் கம்பிக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 4454 என்று கேட்டுப் பாருங்கள். அரசுக் கட்டட வேலைகளின் ஷட்டர் ஸ்பிரிங்குக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். ஷட்டர் 10 சதுர மீட்டரைத் தாண்டினால் அதே அரசு விதிகளில் சங்கிலி அல்லது கைச்சுழற்சி கியர் வைக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய ஷட்டரைக் கையால் தூக்கும் வகையில் வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங்கோடு போராடுவதைவிட அதற்கு மாறிவிடுவது நல்லது.

சுவரில் ஒரு குறிப்பு

எல்லாம் முடிந்ததும் கைடுக்குப் பக்கத்துச் சுவரில், உள்பக்கமாக, தேதியோடு அந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். அத்தை கடையில் '8 / 2' என்று தையல் சாக்பீஸால் எழுதி, பிறகு அழியாமல் இருக்கப் பெயிண்டில் எழுதினோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கடலோரமாக இருந்தால் மழைக்கு முன்னும் பின்னும், தராசை மாட்டிப் பாருங்கள். ஏற்ற எண் கூடி இறக்க எண் குறைந்திருந்தால், உதாரணமாக 11-ம் பூஜ்யமும் வந்தால், உரசல் ஏறியிருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியை எடுங்கள். இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறி 14-ம் 8-ம் வந்தால் கைடைத் தொட வேண்டியதில்லை, முறுக்கு தளர்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கால் சுற்று என்று சொல்லுங்கள். அடுத்த முறையும் சீக்கிரமே அதே அளவு தளர்ந்திருந்தால் முறுக்கச் சொல்லாதீர்கள், புது ஜோடி ஸ்பிரிங்குக்கு விலை கேளுங்கள்.